பில் ஓரிடத்துக்கு, கட்டில் வேறிடத்துக்கு

எங்கள் கணக்குப் பிரிவுப் பையனுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தவள் நான்தான். பையன் என்றால் முப்பத்தைந்து வயதுப் பையன், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் உண்டு. எந்த பில் வந்தாலும் அவன் கையில் சலித்த பிறகுதான் அடுத்த மேசைக்குப் போகும். தேதி சாய்ந்திருந்தாலும் கேள்வி கேட்பான். இப்படி ஒருவன் இருப்பது ஒரு கம்பெனிக்கு நல்லதுதான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் தலைவலி.

பக்கத்து மேசை என்னுடையது. நான் கொள்முதல் பிரிவு. எங்கள் நிறுவனம் ஆறேழு முதியோர் இல்லங்களை நடத்துகிறது. கட்டில், மெத்தை, சக்கர நாற்காலி, கழிவறைக் கைப்பிடி என்று எது வேண்டுமானாலும் ஆர்டர் எழுதுவது என் வேலை. பொருள் போய்ச் சேர்ந்ததும் இல்லத்துப் பொறுப்பாளரம்மா பெட்டியோடு வரும் சீட்டில் கையெழுத்துப் போட்டு, அதைப் படமெடுத்து அனுப்புவார். பிறகு விற்றவரிடமிருந்து பில் வரும். என் ஆர்டர், அந்தக் கையெழுத்துச் சீட்டு, பில் ஆகிய மூன்றையும் சல்லடை பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். மூன்றும் ஒத்துப்போனால்தான் பில் பாஸாகும்.

கட்டில் விஷயத்தில் எங்களுக்கு ஒரு அக்கா இருந்தார். போன் அக்கா என்றுதான் ஆபீசில் சொல்வோம். நாங்கள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவரிடம் குடோன் கிடையாது, லாரி கிடையாது, ஒரு திருகாணிகூடக் கிடையாது. நான் அவருக்கு ஆர்டர் போடுவேன். அவர் அதே ஆர்டரைத் தன் பெயரில், தன் விலையில், ஏதோ ஒரு பட்டறைக்கு மாற்றிப் போடுவார். பட்டறைக்காரர் கட்டிலை நேரே எங்கள் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு, அக்காவுக்கு பில் போடுவார். அக்கா எங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தன் பில்லைப் போடுவார். அப்படியாக பில் வருவது மூன்றாவது மாடிக்கு, கட்டில் இறங்குவது ஊருக்கு வெளியே, அது புறப்பட்ட இடமோ எங்களுக்குத் தெரியாத ஒரு பட்டறை. கட்டில் அக்காவின் வாசலை எட்டிக்கூடப் பார்க்காது. இந்த மாதிரி வியாபாரத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு. பெட்டியில் பட்டறையின் பெயர் இருக்கக் கூடாது. உள்ளே வைக்கும் சீட்டில் அக்காவின் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். விலை எதுவும் இருக்கக் கூடாது. வாங்குகிறவனுக்கும் செய்கிறவனுக்கும் நடுவில் ஒரு திரை. அந்தத் திரைதான் அவருடைய கடை.

"சும்மா நடுவுல நின்னு காசு பாக்குறாங்க" என்று எங்கள் நிதி மேலாளர் சொல்வார். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஒருமுறை கட்டில் இறங்கும் நாளுக்கு முந்தின நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, "மேடம், அந்த மலையோர இல்லத்து லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம்னு பொறுப்பாளரம்மாவைக் கொஞ்சம் அளந்து சொல்லச் சொல்றீங்களா? கட்டில் தலைப்பலகையைத் தனியா கட்டச் சொல்லணும்" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

சல்லடைக்கும் அவருக்கும் ஒரு தனிக் கணக்கு ஓடியது. முதல் பில்லிலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டது. அவர் பில்லில் எங்கள் இல்லத்து முகவரியை மேலே போட்டு, அலுவலக முகவரியைக் கீழே போட்டிருந்தார். இவன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டான். அக்கா போன் போட்டார். சல்லடையின் போன் இருக்கிறதே, அதில் யார் பேசினாலும் அறை முழுக்கக் கேட்கும். ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"தம்பி, கட்டில் அங்கதானே இறங்குது?"

"கட்டில் அங்க இறங்கட்டும்கா. பில்லு யார் பேருக்கோ அவங்க அட்ரஸ்தான் மேல வரணும். இறக்குற இடம் தனிக் கட்டத்துல வரணும்."

"அப்படியா? சரி தம்பி, மாத்தி அனுப்புறேன். நீங்க கோவிச்சுக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்கே இன்னொரு ஆர்டர் வாங்கலாம்."

அன்றிலிருந்து அவர் எந்த முகவரி கேட்டாலும், "பில்லு போற அட்ரஸா, பொருள் இறங்குற அட்ரஸா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். இவனும் சிரிப்பான். சல்லடை சிரித்து நாங்கள் பார்த்தது அந்த போனில்தான். இவன் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குத் தெரியும். அவருக்கு முட்டி வலி என்றால் இவனுக்குத் தெரியும். "அக்கா, டேபிள்ல உக்காந்தே வேலை பாக்காதீங்க, நடுநடுவுல எந்திரிங்க" என்று அதட்டுவான். அவருடைய ஆபீஸ் என்பதே வீட்டுச் சமையலறை மேசைதான் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது.

"தம்பி, ஒரு ரூம் பாத்திருக்கேன். ஒரே ஒரு ரூம்தான். ஆனா வெளிய போர்டு மாட்டலாம். இத்தனை வருஷம் மிக்ஸிய ஒதுக்கி வச்சுட்டு பில்லு போட்டாச்சு. போதும்."

"சூப்பர்கா!"

"உங்க கம்பெனியை நம்பித்தான் துணிஞ்சிருக்கேன். எனக்கு முக்கால்வாசி வியாபாரம் நீங்கதான். ரூம் திறக்கும்போது பத்திரிகை அனுப்பணும், உங்க வீட்டு அட்ரஸ் சொல்லுங்க."

சல்லடை ஒரு கணம் தயங்கினான். சரக்கு விற்பவர்களிடம் சொந்த முகவரியைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. பரிசுப்பொருள் வீடு தேடி வந்துவிடக் கூடாதாம். "ஆபீஸ் அட்ரஸுக்கே அனுப்பிடுங்கக்கா" என்றான்.

"அதுக்கு பில்லு அனுப்பினா போதுமே தம்பி. சரி, சரி, உங்க ரூல்ஸ் உங்களுக்கு" என்று அவர் சிரித்துவிட்டு வைத்தார். ஒரு பத்திரிகைக்குக்கூடவா விதி என்று நான் அவனைப் பார்த்து முறைத்தேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் வேறு ஒரு பிரிவில் ஒரு களேபரம் நடந்தது. யாரோ ஒருவன் வராத சரக்குக்கு பில் போட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டான். தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் பாடம் எடுத்தார்கள். சந்தேகமான பில் வந்தால் அந்த பில்லில் இருக்கும் எண்ணுக்கே போன் செய்து சரிபார்க்காதீர்கள், திருடனிடமே திருட்டைப் பற்றி விசாரிப்பதுபோல ஆகிவிடும், முன்பே சரிபார்த்து ஃபைலில் வைத்த எண்ணுக்குப் பேசுங்கள் என்றார்கள். நல்ல விதி. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சல்லடை அதைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அடுத்த கட்டில் லோடு இறங்கியது. பொறுப்பாளரம்மா கையெழுத்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். படத்தைப் பார்த்ததும் சல்லடை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். சீட்டின் தலைப்பில் அக்காவின் பெயர் இல்லை. நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு பட்டறையின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன.

"மேடம், இதைப் பாருங்க. ஆர்டர் ஒருத்தருக்கு, பில்லு ஒருத்தர் போடுறார், சரக்கு அனுப்பினது வேற யாரோ. மூணும் மூணு திசையில நிக்குது."

"அவங்க வியாபாரமே அப்படித்தானேப்பா. பட்டறைக்காரர் பேர் தெரியாம வந்துடுச்சு போல. அக்காவைக் கேளு" என்றேன்.

"பில்லுல இருக்கிற நம்பருக்குப் பேசக் கூடாது மேடம்."

"பில்லுல பாத்து எதுக்குப் பேசணும்? அவங்க பேரைப் பதிவு பண்ணினப்ப நாம சரிபார்த்து வச்ச நம்பர் ஃபைல்ல இருக்கே."

"ரெண்டும் ஒரே நம்பர்தான் மேடம்."

அவன் மூளைக்குள் அந்த ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. விதி கேட்டது இதுதான்: முன்பே சரிபார்த்து வைத்த எண்ணுக்குப் பேசு. எண் ஒன்றாக இருந்தால் என்ன, வேறாக இருந்தால் என்ன? ஆனால் அவன், அக்காவோடு இவ்வளவு பழகியிருக்கிறோமே, அதனாலேயே தான் ஏமாந்திருப்போமோ என்று பயந்தான். பழக்கத்துக்காக விட்டுவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் ஒரு போன் பேச வெளியே போய்த் திரும்புவதற்குள், பெட்டிச் சீட்டில் இருந்த பட்டறை எண்ணைச் சுற்றியிருந்தான்.

நான் உள்ளே நுழையும்போது பட்டறைக்காரரின் குரல் அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளந்தியான குரல். பின்னால் வெல்டிங் சத்தம்.

"ஆமா சார், நாங்கதான் அனுப்பினோம். பேர் வந்திருச்சா? அடடா! புதுசா பில்லு மெஷின் வாங்கினோம், அது தானா எங்க பேரை அடிச்சுத் தள்ளுது. அந்தம்மா திட்டப்போறாங்க."

அந்த இடத்தில் அவன் போனை வைத்திருக்கலாம். சரக்கு உண்மை, அனுப்பியது உண்மை, அக்காவுக்காக அனுப்பியது உண்மை. தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். ஆனால் சல்லடை சலிக்க ஆரம்பித்தால் அடிவரை போவான்.

"அப்ப ஒரு கட்டில் இந்த விலைதானே சார்?" என்று கேட்டு, அக்காவின் பில்லில் இருந்த விலையைச் சொன்னான்.

வெல்டிங் சத்தம் நின்றது. அந்த மனிதர் கையைக் காட்டி நிறுத்தியிருக்க வேண்டும்.

"எவ்வளவு சொன்னீங்க? ... நான் அந்த விலைக்கா குடுத்தேன்? ஏன் சார், அதுல அஞ்சுல ஒரு பங்கு கம்மியாத்தான் எனக்கு வருது!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே இவன் வாயால் கெட்டது இன்னொருத்தி. ஒரே கேள்வியில் எங்கள் விலை பட்டறைக்காரருக்குத் தெரிந்தது, அவர் விலை எங்களுக்குத் தெரிந்தது, திரை இரண்டு பக்கமும் கிழிந்தது. அதற்குள் பின்னால் வந்து நின்ற நிதி மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

"நேரா அவர்கிட்டயே வாங்கிடலாமே. நடுவுல எதுக்கு ஒருத்தங்க?" என்றார்.

"சார், அவங்க தப்பு ஒண்ணும் பண்ணலையே" என்றான் சல்லடை. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தப்புன்னு யார் சொன்னா? நீ நல்லா கண்டுபிடிச்சே. இந்த பில்லைப் பாஸ் பண்ணிடு. அடுத்ததுல இருந்து நேரடி."

நானும் வாதாடிப் பார்த்தேன். லிஃப்ட் அளவைச் சொன்னேன், முந்தின நாள் போனைச் சொன்னேன், உடைந்த கைப்பிடியைக் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்ததைச் சொன்னேன். அஞ்சில் ஒரு பங்குக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

அக்கா போன் பண்ணியது இரண்டு நாள் கழித்து. பட்டறைக்காரர் அவரிடம் சண்டை போட்டிருக்கிறார், மேலாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவருக்கு விழுந்தது மத்தள இடி. ஆனால் அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கக்கா."

"சந்தேகம் வந்துச்சு, சரி. வரணும், உங்க வேலை அது. ஆனா என்கிட்ட ஒரு போன் போட்டிருக்கலாமே?"

சல்லடை கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தான்.

"என் நம்பரைக் கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துவீங்க. காச்சலுக்குப் போட்டீங்க, முட்டி வலிக்குப் போட்டீங்க. இதுக்கு மட்டும் போடலையே தம்பி. நான் லாபம் வைக்கிறது திருட்டுத்தனமா? வச்சாத்தானே நான் சாப்பிட முடியும்?"

"அக்கா, ரூல்ஸ்படி..."

"தெரியும் தம்பி. ரூல்ஸ் தப்பில்ல. பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?"

"நின்னுடுச்சுக்கா."

"நல்லது. வைக்கிறேன்."

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் கழிவறைக்குப் போனான். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தான். எனக்குத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே அடிபட்டவனை நானும் அடிப்பானேன்.

புதிய பிரிவு ஒன்று எங்கள் மலையோர இல்லத்தில் திறக்க இருந்தது. பன்னிரண்டு கட்டில். முதல்முறையாக ஆர்டரைப் பட்டறைக்காரருக்கு நேரே போட்டேன். மேல்கட்டத்தில் பில் போட வேண்டிய முகவரி, எங்கள் மூன்றாவது மாடி. கீழ்க்கட்டத்தில் இறக்க வேண்டிய முகவரி, மலையோர இல்லம். எங்கள் படிவம் எப்போதும் அப்படித்தான். பட்டறைக்காரர் அதற்கு முன்னால் அந்த மாதிரிப் படிவத்தைப் பார்த்ததே இல்லை. அக்கா அவருக்கு அனுப்பிய ஆர்டரில் ஒரே ஒரு முகவரிதான் இருக்கும், அது இறக்குமிடம். கூடவே எந்த வளைவில் திரும்ப வேண்டும், எந்த வாசலில் லாரி நுழையும் என்று எழுதியிருப்பார். பில்லை யாருக்கு அனுப்புவது என்று பட்டறைக்காரர் யோசித்ததே கிடையாது. அது எப்போதும் அக்காவுக்குத்தான். இப்போது எங்களைப் புது வாடிக்கையாளராகத் தன் புது மெஷினில் ஏற்றியபோது, தாளில் முதலில் கண்ணில் பட்ட முகவரியை ஏற்றிவிட்டார். லாரிச் சீட்டையும் அந்த மெஷினே அடித்துக் கொடுத்துவிட்டது.

திறப்பு நாள் காலையில் எங்கள் அலுவலகக் காவலாளி மேலே வந்தார்.

"மேடம், கீழ ஒரு லாரி நிக்குது. கட்டிலாம். எந்த ரூம்ல போடணும்னு கேக்குறாங்க."

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மேலாளரின் கார் நிற்கும் இடத்தில் முதல் பெட்டியை இறக்கிவிட்டார்கள். வானம் வேறு கருத்திருந்தது. ஓட்டுநரிடம் பேசினோம். தன் சீட்டில் இருக்கும் முகவரி இதுதான், இங்கே இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குப் போக வேண்டும், மலைக்கு வேறு வாடகை, வேறு சீட்டு, முதலாளி சொல்லாமல் நகர முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. லாரி முதலாளியை அழைத்தால் லைன் பிஸியாகவே இருந்தது. பட்டறைக்காரரோ, "நீங்க குடுத்த அட்ரஸ்தானே சார்" என்றார். மெஷின் புதிது என்றார். இந்த உலகத்தில் யாருமே தப்புச் செய்யவில்லை, பன்னிரண்டு கட்டில் மட்டும் கார் நிறுத்துமிடத்தில் நனைந்துகொண்டிருந்தது.

மலையோர இல்லத்துப் பொறுப்பாளரம்மா சல்லடையைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் சாதாரணமாகக் கத்தவே மாட்டார்.

"எட்டுப் பேர் வந்தாச்சுப்பா! சொந்தக்காரங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. நாற்காலியில உக்காரக்கூடியவங்களை உக்கார வச்சிருக்கேன். ரெண்டு பேரால உக்காரவே முடியாது. தரையில மெத்தையைப் போட்டுப் படுக்க வச்சிருக்கோம். ஒரு பெரியவர், 'வீட்டுலயும் தரையிலதான் போட்டாங்க, இங்கயுமா'ன்னு கேக்குறார். நான் என்ன பதில் சொல்றது?"

அறையில் எல்லோருக்கும் கேட்டது. மேலாளர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான். சல்லடை போனை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான் என்று சொன்னால் பொய்யில்லை, உண்மையிலேயே மூடியிருந்தான். மணி நீண்ட நேரம் அடித்தது.

"சொல்லுங்க." தம்பி என்று சொல்லவில்லை.

அவன் நடந்ததைச் சொன்னான். திக்கித் திக்கிச் சொன்னான்.

"இது இப்ப என்னோட டெலிவரி இல்லையே" என்றார் கடைசியில்.

"தெரியும்கா. கேக்குற தகுதி எனக்கில்ல. ரெண்டு பேர் தரையில..."

"தரையிலயா படுத்திருக்காங்க?"

"ஆமாக்கா."

ஏதோ பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. சமையலறை மேசையில்தான் இன்னும் இருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. மலைக்கு வண்டி ஓட்டுறவர். என் பேரைச் சொன்னா வருவார். அந்த லிஃப்ட்ல தலைப்பலகையோட போகாது, கழட்டித்தான் ஏத்தணும். பட்டறையில இருந்து ஒரு ஆளைக் கூட அனுப்பச் சொல்லுங்க." எண்ணைச் சொன்னார். "அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

"அக்கா, இதுக்கு ஒரு பில்லு அனுப்புங்க. நான் எப்படியாவது..."

"எதுக்கு? நான் என்ன வித்தேன்?"

போன் வைக்கப்பட்டது. மலை வண்டிக்காரர் வந்தார், அக்காவின் பெயரைக் கேட்டதும் வாடகைகூடப் பேசாமல் ஏற்றினார். பொழுது சாய்வதற்குள் கட்டில்கள் போய்ச் சேர்ந்தன, சில பெட்டிகள் நனைந்துபோயிருந்தாலும். அந்தப் பெரியவரைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு பொறுப்பாளரம்மா ஒரு செய்தி அனுப்பினார். சல்லடை அதை எனக்குக் காட்டினான். "ஏத்திப் படுக்க வச்சாச்சு. அவர் ஒண்ணும் பேசலை" என்றிருந்தது.

மறுநாள் அவன் அக்காவைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலும் அறை முழுக்கக் கேட்டது.

"நேர்ல போய்ப் பாக்கலாம் மேடம். பில்லுல அட்ரஸ் இருக்கே" என்றான்.

"நானும் வரேன்" என்றேன். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

மதிய இடைவேளையில் போனோம். அவன் பழைய பில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கதவு எண்களைப் பார்த்தபடி நடந்தான். நெருக்கமான தெரு. ஒரு பக்கம் சைக்கிள் கடை, ஒரு பக்கம் சலவைக் கடை. பில்லில் இருந்த எண்ணில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது.

கடைக்காரர் பில்லை வாங்கிப் பார்த்தார்.

"ஓ, அந்தம்மாவா? இங்க லெட்டர் மட்டும்தாங்க வரும். இப்படி இருபது கம்பெனி இந்த அட்ரஸ்ல இருக்கு. வாரத்துக்கு ஒருவாட்டி வந்து எடுத்துட்டுப் போவாங்க. இப்ப அதையும் வேணாம்னுட்டாங்க. பெட்டியை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

"அவங்க வீடு எங்க இருக்கு?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? பாவம், மேல மாடியில அந்த ரூமைப் பேசி வச்சிருந்தாங்க. போர்டுக்கு அளவெல்லாம் எடுத்தாங்க. நான்தான் ஸ்டூல் பிடிச்சேன். அப்புறம் ஒருநாள் வந்து, வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

வெளியே வந்து மேலே பார்த்தோம். அந்த அறையின் ஜன்னல் மூடியிருந்தது. அதற்கு மேலே, போர்டு மாட்டுவதற்காகச் சுவரில் நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். சல்லடை அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எத்தனை முகவரிகளைச் சரிபார்த்தவன் அவன். ஒரு கதவு எண் மாறினால் கண்டுபிடித்துவிடுவான். அவன் குழந்தையின் காய்ச்சலை விசாரித்த அக்கா எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. அவர் வயதுகூடத் தெரியாது. தெருவில் போகும் ஒவ்வொரு பெண்ணையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இவராக இருக்குமோ என்று.

கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு துண்டுத் தாளை நீட்டினார். "என்னைக்காவது இந்தப் பக்கம் வந்தா சொல்றேன். உங்க பேர், அட்ரஸ் எழுதிட்டுப் போங்க."

சல்லடை பேனாவை எடுத்தான். பழக்கத்தில் கை தானாக எங்கள் அலுவலக முகவரியை எழுதத் தொடங்கியது. மூன்றாவது மாடி என்று எழுதியதும் நிறுத்தினான். அதை ஒரே கோடாக அடித்தான். அதற்குக் கீழே, தன் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து நிறுத்தி நிதானமாக எழுதினான். எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதினான்.

"அன்னைக்கே கேட்டாங்க மேடம்" என்றான்.

கடைக்காரர் தாளை வாங்கி, மரப் பெட்டிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"அவங்க பேர்ல இப்பப் பெட்டி இல்லையே" என்று சொல்லிவிட்டு, அதைக் கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.